‘அவுட்’ என்றால் வந்ததா, போனதா?

தேர்வுக்கு முந்தைய நாள் “கேள்வித்தாள் அவுட்!” என்று பேச்சு கிளம்பினால், பூட்டிவைத்திருந்த தாள் பலர் கைக்குப் போய்விட்டது என்று பொருள். சேப்பாக்கம் மைதானத்தில் “பேட்ஸ்மேன் அவுட்!” என்று சத்தம் எழுந்தால், ஆடிக்கொண்டிருந்தவர் ஆட்டத்தை விட்டுப் போகிறார் என்று பொருள். முன்னதில் மறைந்திருந்தது கண்ணுக்குத் தெரிய வந்தது. பின்னதில் கண்முன் நின்றவர் களத்தைவிட்டு மறைந்தார். ஒரே சொல் இப்படி எதிரெதிர்த் திசைகளில் இழுக்கிறது. இருந்தும் தமிழர்கள் இரண்டையும் தடுமாறாமல் புரிந்துகொள்கிறார்கள்.

இதே ‘அவுட்’ ஆங்கில வினைச்சொற்களின் பின்னால் போய் நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஃபைண்ட் அவுட், ரன் அவுட், வொர்க் அவுட், கேரி அவுட், லீவ் அவுட் என்று பட்டியல் நீள்கிறது. ‘கேரி’ என்றால் சுமப்பது, ‘அவுட்’ என்றால் வெளியே. கூட்டிப் பார்த்தால் வெளியே சுமந்து செல்வது என்றுதான் வர வேண்டும். ஆனால் “தே கேரீடு அவுட் தி ஆர்டர்” என்றால், உத்தரவை நிறைவேற்றினார்கள் என்று பொருள். அகராதியில் இரண்டு சொற்களையும் தனித்தனியே பார்த்தவருக்கு இது கிடைக்காது.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1755இல் வெளிவந்த தமது ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்: வினைச்சொல்லுக்குப் பின் ஒரு சிறு சொல்லை வைத்துப் பொருளை மாற்றும் வழக்கம்தான் வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய இடர் என்பது அவர் கருத்து. இத்தகைய சேர்க்கைகளை இன்று ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறோம். இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் லோகன் பியர்சால் ஸ்மித். 1925இல் வெளிவந்த தமது நூலில் இதைப் பயன்படுத்தினார். பெயரைச் சொல்லித் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அதில் எழுதியிருக்கிறார்.

பள்ளிகளில் இவற்றை அகர வரிசையில் மனப்பாடம் செய்ய வைப்பதுண்டு. ஆனால் இவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை விரிவாக ஆராய்ந்தவர் சூசன் லிண்ட்னர். அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1981இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, ‘அவுட்’, ‘அப்’ என்ற இரண்டு சொற்களோடு சேரும் வினைகளைப் பற்றியது. ஓர் எல்லையைத் தாண்டி வெளியேறுவது, ஒரு பொருள் தன் பழைய எல்லையைத் தாண்டி விரிவது, தொடங்கிய இடத்தை விட்டு விலகிச் செல்வது என்று ‘அவுட்’டின் பாதைகளை அவர் மூன்றாகப் பிரித்துக் காட்டினார். பொருள்கள் எத்தனை இருந்தாலும் எல்லை ஒன்று இருக்கிறது, அதைக் கடக்கும் ஒன்று இருக்கிறது.

இத்துடன் இன்னொன்றையும் கவனித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்த எல்லைக்கு எந்தப் பக்கம் நின்று பேசுபவர் பார்க்கிறார் என்பதுதான் அது. ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். தெருவில் நிற்பவருக்கு, வீட்டிலிருந்து ஒருவர் வெளியே வருவது தோற்றம். வீட்டுக்குள் இருப்பவருக்கு, அதே ஆள் வாசலைத் தாண்டுவது மறைவு. கேள்வித்தாளை நாம் தெருவிலிருந்து பார்க்கிறோம். பேட்ஸ்மேனைக் களத்துக்குள்ளிருந்து பார்க்கிறோம்.

வெறும் பயணம்

முதல் குழு எளிது. இடத்தை விட்டு உடலோ பொருளோ நகர்கிறது. வினைச்சொல் எப்படி நகர்ந்தது என்று சொல்கிறது, ‘அவுட்’ எந்தத் திசை என்று சொல்கிறது.

- கோ அவுட் (வெளியே செல்): “ஷி வென்ட் அவுட் அட் சிக்ஸ்.” ஆறு மணிக்கு வெளியே போனாள்.
- டேக் அவுட் (வெளியே எடு): “டேக் அவுட் யுவர் புக்ஸ்.” புத்தகங்களை எடுங்கள்.
- மூவ் அவுட் (வீட்டைக் காலி செய்): “தி டெனன்ட்ஸ் மூவ்டு அவுட் இன் மே.” குடியிருந்தவர்கள் மே மாதம் காலி செய்தார்கள்.
- ஈட் அவுட் (வெளியே சாப்பிடு): “வி ஈட் அவுட் ஆன் சண்டேஸ்.” ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டலில் சாப்பிடுகிறோம்.
- செட் அவுட் (புறப்படு): “தே செட் அவுட் பிஃபோர் சன்ரைஸ்.” விடியுமுன் புறப்பட்டார்கள்.

கடைசியில் உள்ள செட் அவுட்டுக்குத் தமிழில் சரியான இணை இருக்கிறது. ‘புறம்’ என்றாலும் வெளிதான். புறப்படுவது வீட்டின் புறத்தே வருவது.

மறைந்தது தெரிய வருகிறது

இரண்டாவது குழுவில் பேசுபவர் தெருவில் நிற்கிறார். பொருளோ செய்தியோ விடையோ உள்ளே ஒளிந்திருந்து, இப்போது அவர் கண்ணுக்கும் காதுக்கும் அறிவுக்கும் எட்டுகிறது. மேகத்துக்குப் பின்னாலிருந்து சூரியன் வருவதும், அச்சகத்திலிருந்து புத்தகம் வருவதும், புதிருக்குள்ளிருந்து விடை வருவதும் ஆங்கிலத்துக்கு ஒரே வகை நிகழ்ச்சிகள்.

- கம் அவுட் (வெளிவா): “ஹர் நாவல் கேம் அவுட் இன் ஜனவரி.” அவருடைய நாவல் ஜனவரியில் வெளிவந்தது.
- பிரிங் அவுட் (வெளியிடு): “தே பிராட் அவுட் எ நியூ எடிஷன்.” புதிய பதிப்பை வெளியிட்டார்கள்.
- ஃபைண்ட் அவுட் (தெரிந்துகொள்): “ஐ ஃபவுண்ட் அவுட் தி ட்ரூத்.” உண்மையைத் தெரிந்துகொண்டேன்.
- ஃபிகர் அவுட் (யோசித்துப் புரிந்துகொள்): “ஹி ஃபிகர்டு அவுட் தி லாக்.” அந்தப் பூட்டு எப்படித் திறக்கும் என்று புரிந்துகொண்டான்.
- பாயின்ட் அவுட் (சுட்டிக்காட்டு): “ஷி பாயின்டட் அவுட் தி எரர்.” பிழையைச் சுட்டிக்காட்டினார்.
- டர்ன் அவுட் (கடைசியில் இப்படி என்று தெரியவா): “இட் டர்ன்டு அவுட் டு பி ஃபேக்.” அது போலி என்று பிறகு தெரிந்தது.
- ரீட் அவுட் (உரக்க வாசி): “தி டீச்சர் ரெட் அவுட் தி நேம்ஸ்.” ஆசிரியர் பெயர்களை வாசித்தார்.

ரீட் அவுட் இங்கே வருவதில் வியப்பில்லை. மனத்துக்குள் வாசித்தால் வேறு யாருக்கும் கேட்காது. குரல் வெளியே வந்தால்தான் கேட்கும். ‘கிரை அவுட்’ என்று அலறுவதும், ‘ஸ்பீக் அவுட்’ என்று அஞ்சாமல் கருத்தைச் சொல்வதும் இதே குரல் வழியில் வந்தவை. அண்மைக் காலத்தில் ‘கால் அவுட்’ என்பது ஒருவர் செய்த தவற்றைப் பலரறியச் சுட்டுவதற்கும் வழங்குகிறது.

வொர்க் அவுட்டுக்கு இங்கே கொஞ்சம் இடம் தர வேண்டும். “வொர்க் அவுட் தி சம்” என்றால் கணக்கைப் போட்டு விடை காண்பது. “இட் வொர்க்ஸ் அவுட் அட் ஹண்ட்ரட் ருபீஸ் ஈச்” என்றால் தலைக்கு நூறு ரூபாய் வருகிறது. “தி பிளான் டிட் நாட் வொர்க் அவுட்” என்றால் திட்டம் சரிப்பட்டு வரவில்லை. மூன்றிலும் உள்ளே நடந்த வேலையின் பலன் வெளியே வருவது தெரிகிறது. உடற்பயிற்சி செய்வதைக் குறிக்கும் வொர்க் அவுட்டை மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இருந்தது இல்லாமல் போகிறது

இப்போது பேசுபவர் வீட்டுக்குள் வந்துவிட்டார். அவர் எட்டிப் பிடிக்கக்கூடிய வட்டத்துக்குள் விளக்கு எரிகிறது, பால் இருக்கிறது, நினைவு இருக்கிறது. அவை வட்டத்தைத் தாண்டினால் அவருக்கு இல்லை.

- கோ அவுட் (அணை): “தி லேம்ப் வென்ட் அவுட்.” விளக்கு அணைந்தது.
- புட் அவுட் (அணைத்துவிடு): “புட் அவுட் தி கேண்டில்.” மெழுகுவத்தியை அணை.
- ரன் அவுட் (தீர்ந்துபோ): “வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்.” நம்மிடம் பால் தீர்ந்துவிட்டது.
- டை அவுட் (அற்றுப்போ): “மெனி லாங்குவேஜஸ் ஹேவ் டைடு அவுட்.” பல மொழிகள் அழிந்துபோயின.
- கிராஸ் அவுட் (கோடு போட்டு அடி): “கிராஸ் அவுட் தி ராங் வேர்டு.” தவறான சொல்லை அடி.
- வேர் அவுட் (தேய்ந்துபோ): “மை சிலிப்பர்ஸ் ஹேவ் வோர்ன் அவுட்.” என் செருப்பு தேய்ந்துவிட்டது.

இந்தக் குழுவைக் கற்கும் தமிழருக்குத் தாய்மொழியே கைகொடுக்கிறது. அணைந்தது என்பதை அணைந்துவிட்டது என்றும், தீர்ந்தது என்பதைத் தீர்ந்துபோனது என்றும் சொல்கிறோம். ‘விடு’வும் ‘போ’வும் இங்கே தம் சொந்தப் பொருளை விட்டு, இனித் திரும்பாது என்ற முடிவை உணர்த்துகின்றன. ஆங்கிலம் அந்த வேலையில் கொஞ்சத்தை ‘அவுட்’டிடம் கொடுத்திருக்கிறது.

சூரியனும் விளக்கும் இனிக் குழப்பாது. “தி சன் கேம் அவுட்” என்றால் வெளிச்சம் வந்தது. “தி லைட் வென்ட் அவுட்” என்றால் வெளிச்சம் போனது. ‘கம்’ நம்மை நோக்கி வருவது, ‘கோ’ நம்மை விட்டுப் போவது. வினைச்சொல்லே பேசுபவர் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

கூட்டத்திலிருந்து பிரிவது

நான்காவது குழுவில் எல்லை ஒரு பட்டியல், ஒரு வகுப்பு, ஒரு குழு. உள்ளே யார், வெளியே யார் என்பதே கேள்வி.

- லீவ் அவுட் (சேர்க்காமல் விடு): “யூ லெஃப்ட் அவுட் மை நேம்.” என் பெயரை விட்டுவிட்டீர்கள்.
- ரூல் அவுட் (வாய்ப்பில்லை என ஒதுக்கு): “தி டாக்டர் ரூல்டு அவுட் மலேரியா.” மலேரியா இல்லை என்று மருத்துவர் முடிவு செய்தார்.
- டிராப் அவுட் (இடையில் நின்றுவிடு): “ஹி டிராப்டு அவுட் ஆஃப் காலேஜ்.” கல்லூரியைப் பாதியில் விட்டான்.
- ஆப்ட் அவுட் (வேண்டாம் என்று விலகு): “ஷி ஆப்டட் அவுட் ஆஃப் தி ஸ்கீம்.” அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டார்.
- பிக் அவுட் (தேர்ந்தெடு): “பிக் அவுட் எ ரெட் ஒன்.” சிவப்பாக ஒன்றைத் தேர்ந்தெடு.

லீவ் அவுட்டிலும் பிக் அவுட்டிலும் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றே. கூட்டத்திலிருந்து ஒன்று பிரிகிறது. லீவ் அவுட்டில் மதிப்பு கூட்டத்துக்கு, பிக் அவுட்டில் மதிப்பு பிரிந்து வந்த ஒன்றுக்கு.

யார் பிரித்தார் என்பதும் முக்கியம். தமிழ் நாளிதழ்கள் நெடுங்காலமாக இதைக் கச்சிதமாகப் பிரித்து எழுதிவருகின்றன. சட்டமன்ற உறுப்பினர்கள் தாமாக எழுந்து போனால் அது வாக் அவுட், தமிழில் வெளிநடப்பு. ஆலை நிர்வாகம் தொழிலாளர்களை உள்ளே விடாமல் வாயிலை மூடினால் அது லாக் அவுட், தமிழில் கதவடைப்பு. இரண்டிலும் ஆள்கள் வெளியேதான் நிற்கிறார்கள். சொந்த முடிவா, பிறர் முடிவா என்பதை வினைச்சொல் சொல்கிறது.

தன் எல்லையைத் தானே தாண்டுவது

சப்பாத்தி மாவு உருண்டையை உருட்டித் தேய்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரோல் அவுட்’. மாவு எதற்குள்ளிருந்தும் வெளியே வரவில்லை. ஆனால் சற்றுமுன் அதன் விளிம்பு இருந்த இடத்தை இப்போது அது தாண்டியிருக்கிறது. லிண்ட்னர் சொன்ன இரண்டாவது பாதை இதுதான். பொருளின் பழைய உருவமே இங்கு எல்லை.

- ஸ்ப்ரெட் அவுட் (பரப்பு, பரவி நில்): “ஸ்ப்ரெட் அவுட் தி மேட்.” பாயை விரி.
- ஸ்ட்ரெட்ச் அவுட் (நீட்டு): “ஹி ஸ்ட்ரெட்ச்டு அவுட் ஹிஸ் லெக்ஸ்.” கால்களை நீட்டினான்.
- டிராக் அவுட் (இழுத்தடி): “தே டிராக்டு அவுட் தி கேஸ்.” வழக்கை இழுத்தடித்தார்கள்.
- ஹேண்ட் அவுட் (பலருக்குக் கொடு): “ஷி ஹேண்டட் அவுட் தி நோட்டீசஸ்.” நோட்டீஸ்களை விநியோகித்தார்.

டிராக் அவுட்டில் விரிவது காலம். ஹேண்ட் அவுட்டில் ஒரு கையில் இருந்த கட்டு பல கைகளுக்குப் பரவுகிறது. “கிவ் மீ எ நோட்டீஸ்” என்றால் எனக்கு ஒன்று கொடு. பலருக்குப் பகிர்வதானால்தான் ஹேண்ட் அவுட் வரும்.

கடைசிவரை

ஆறாவது குழுவில் ‘அவுட்’ என்பது விளிம்புவரை, மிச்சமில்லாமல் என்று பொருள் தருகிறது. கேரி அவுட்டின் புதிர் இங்கே அவிழ்கிறது: ஒரு வேலையை நடுவில் இறக்கி வைக்காமல் முடியும்வரை கொண்டு செல்வதுதான் நிறைவேற்றம்.

- கேரி அவுட் (செய்து முடி): “தே கேரீடு அவுட் எ சர்வே.” ஒரு கணக்கெடுப்பை நடத்தி முடித்தார்கள்.
- ஹியர் அவுட் (முழுக்கக் கேள்): “பிளீஸ் ஹியர் மீ அவுட்.” நான் சொல்வதை முழுக்கக் கேளுங்கள்.
- கிளீன் அவுட் (காலியாக்கிச் சுத்தம் செய்): “ஐ கிளீன்டு அவுட் தி கப்போர்டு.” அலமாரியை ஒழித்துச் சுத்தம் செய்தேன்.
- டயர் அவுட் (முற்றிலும் களைப்பாக்கு): “தி க்ளைம்ப் டயர்டு அஸ் அவுட்.” ஏறியதில் எங்களுக்குக் களைத்துப்போய்விட்டது.

‘அவுட்’டை எடுத்துவிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். “ஐ கிளீன்டு தி கப்போர்டு” என்றால் அலமாரியைத் துடைத்திருக்கலாம். உள்ளே இருந்தவை அப்படியே இருக்கலாம். கிளீன்டு அவுட் என்றால் உள்ளே இருந்தவற்றையெல்லாம் எடுத்தாயிற்று.

படிவம் நிரப்புவதும் இங்கே வருகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் ‘ஃபில் அவுட்’ என்பார்கள், பிரிட்டனில் ‘ஃபில் இன்’ என்பார்கள். வெளியே, உள்ளே என்று எதிர்ச்சொற்கள் இருந்தும் செயல் ஒன்றே. ஒருவர் கட்டங்களுக்குள் மையை இடுவதைப் பார்க்கிறார். மற்றவர் படிவம் முழுமையாவதைப் பார்க்கிறார்.

ஒரு தீ, ஆறு ‘அவுட்’

இந்தக் குழுக்களில் பல நாளிதழில் எப்படி ஒன்றாக வரும் என்று பார்க்க, ஒரு துணிக்கடைத் தீ விபத்துச் செய்தியை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலச் செய்தியாளர் வழக்கமாக எழுதும் நடையில் அது இப்படி இருக்கும்:

“எ ஃபயர் புரோக் அவுட் இன் எ கிளாத் ஷாப். தி பவர் வென்ட் அவுட் அட் ஒன்ஸ். எவ்ரிஒன் காட் அவுட் சேஃப்லி. ஃபயர்மென் புட் இட் அவுட் இன் டூ ஹவர்ஸ். தி போலீஸ் ஹேவ் நாட் ரூல்டு அவுட் சபோட்டாஜ். தே ஆர் டிரையிங் டு ஃபைண்ட் அவுட் ஹவ் இட் ஸ்டார்டட்.”

தீ பிடித்ததற்கும் ‘அவுட்’, அணைந்ததற்கும் ‘அவுட்’. முதல் வாக்கியத்தின் பிரேக் அவுட்டில், எங்கோ அடங்கிக் கிடந்தது கட்டை உடைத்துக்கொண்டு பார்ப்பவர் முன் வெளிப்படுகிறது. தெருப்பக்கப் பார்வை. தீ, போர், கலவரம், கொள்ளைநோய் போல, தடுத்து வைக்க வேண்டியவை மீறிக் கிளம்பும்போதுதான் இது பெரும்பாலும் வரும். கைதிகள் சிறையிலிருந்து தப்புவதும் பிரேக் அவுட்தான். திருமணமோ திருவிழாவோ பிரேக் அவுட் ஆகாது.

இரண்டாவது வாக்கியத்தில் மின்சாரம் போகிறது. பார்வை வீட்டுக்குள் வந்துவிட்டது. மூன்றாவதில் மக்கள் கடையிலிருந்து உடம்போடு வெளியேறுகிறார்கள், முதல் குழு. நான்காவதில் தீயைக் கண்ணுக்கு இல்லாமல் செய்கிறார்கள். மீண்டும் மூன்றாம் குழு. ஐந்தாவதில், நாசவேலை என்ற சாத்தியத்தைப் போலீசார் தங்கள் பட்டியலிலிருந்து இன்னும் நீக்கவில்லை, நான்காம் குழு. ஆறாவதில் ஒளிந்திருக்கும் காரணத்தை வெளியே கொண்டுவர முயல்கிறார்கள், இரண்டாம் குழு. விசாரணை நடத்துகிறார்கள் என்று இன்னொரு வாக்கியம் சேர்ந்தால் அங்கே கேரி அவுட் வந்து நிற்கும்.

நான்காவது வாக்கியத்தின் சொல் வரிசையையும் கவனிக்க வேண்டும். “புட் அவுட் தி ஃபயர்” என்று சொல்லலாம், “புட் தி ஃபயர் அவுட்” என்றும் சொல்லலாம். ஆனால் தீ என்ற பெயருக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் “புட் இட் அவுட்” மட்டுமே சரி. ஹிம், ஹர், தெம் எல்லாவற்றுக்கும் இதே விதி. “புட் அவுட் இட்” என்பதை ஆங்கிலக் காது ஏற்காது.

எங்கே இடறுகிறது

தமிழர்கள் அதிகம் இடறும் இடம் ஃபைண்ட் அவுட். பேனாவையும் கண்டுபிடிக்கிறோம், உண்மையையும் கண்டுபிடிக்கிறோம். அதனால் “ஐ ஃபவுண்ட் அவுட் மை பென்” என்று வந்துவிடுகிறது. தொலைந்த பொருள் கையில் கிடைத்தால் வெறும் ஃபைண்ட். செய்தியோ தகவலோ தெரிய வந்தால்தான் ஃபைண்ட் அவுட். மனத்துக்குள் ‘தெரிந்துகொண்டேன்’ என்று போட்டுப் பார்த்து, வாக்கியம் நின்றால் ‘அவுட்’ சேர்க்கலாம். பேனாவைத் தெரிந்துகொள்ள முடியாது.

இரண்டாவது, ரன் அவுட். தீரும் பொருளை எழுவாயாக வைத்தால் “தி பெட்ரோல் ரேன் அவுட்”. வண்டியில் இருக்கும் நம்மை எழுவாயாக வைத்தால் “வி ரேன் அவுட் ஆஃப் பெட்ரோல்”. நடுவில் ‘ஆஃப்’ விடுபட்டால் பிழை. கிரிக்கெட்டில் கேட்டுப் பழகிய ரன் அவுட் வேறு. அங்கே ஓட்டம் எடுக்கும்போது ஆட்டமிழப்பதைக் குறிக்கிறது.

மூன்றாவதில் பிழை என்று சொல்வதற்கில்லை. இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. “ஐ பாஸ்டு அவுட் இன் 2019” என்று இந்தியாவில் சொன்னால், 2019இல் படிப்பை முடித்தேன் என்று எல்லாருக்கும் புரியும். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஒரு நேர்காணலில் இதையே சொன்னால், அந்த ஆண்டு மயங்கி விழுந்ததாகக் கேட்பவர் நினைக்கக்கூடும். நினைவு வட்டத்தைத் தாண்டிப் போவதுதான் அங்கே பாஸ் அவுட், மூன்றாம் குழு. பயிற்சி முடித்து வெளிவரும் பொருள் பிரிட்டனில் ராணுவத்திலும் காவல்துறையிலும் உண்டு. சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடக்கும் பாஸிங் அவுட் பரேடும் அந்த வழக்கில் வந்ததுதான். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ‘கிராஜுவேட்டட்’ பாதுகாப்பான சொல்.

நான்காவது, ‘அவுட்’ முன்னால் வரும் சொற்கள். அவுட்ரன் என்றால் ஓட்டத்தில் மிஞ்சுவது. அவுட்லிவ் என்றால் மற்றவர் இறந்த பின்னும் வாழ்வது. அவுட்நம்பர் என்றால் எண்ணிக்கையில் மிஞ்சுவது. இவை ஃப்ரேசல் வெர்ப் அல்ல. இங்கே எல்லையாக இருப்பது எதிராளி. அவரைத் தாண்டுவதுதான் பொருள். ரன் அவுட்டையும் அவுட்ரன்னையும் மாற்றிப் போட்டால் வாக்கியம் கவிழ்ந்துவிடும்.

பேசும்போது அழுத்தமும் மாறும். வினையாக வரும்போது “ஐ வொர்க் அவுட் டெய்லி” என்பதில் அழுத்தம் ‘அவுட்’ மேல் விழும். எழுத்திலும் இரண்டு சொற்கள். பெயர்ச்சொல்லாக “எ குட் வொர்க்அவுட்” என்றால் அழுத்தம் ‘வொர்க்’ மேல். எழுத்தில் ஒரே சொல். இணையப் பக்கத்தின் பொத்தானில் Log out என்று இடைவெளியோடு இருப்பது, செய்யச் சொல்லும் வினை என்பதால்தான்.

புதிதாக ஒன்று வந்தால்

ஆங்கிலம் இந்தச் சேர்க்கைகளை இன்னும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. கிரெடிட் கார்டில் வரம்பு முழுவதையும் செலவழித்துவிட்டால் ‘மேக்ஸ் அவுட்’. கடைசிவரை என்ற ஆறாம் குழு. வகுப்பில் உட்கார்ந்தபடியே கவனம் எங்கோ போய்விட்டால் ‘ஸோன் அவுட்’. மயங்குவதைக் குறிக்கும் பாஸ் அவுட்டுக்குப் பக்கத்தில், மூன்றாம் குழுவில் அது உட்காரும். ஒரு நிறுவனம் புதிய சேவையை ஊர் ஊராகக் கொண்டுவந்தால் ‘ரோல் அவுட்’. சப்பாத்தி மாவுக்குச் சொன்ன அதே சொல், அதே விரிவு.

எல்லாம் இப்படி அடங்கிவிடாது. ‘மேக் அவுட்’ என்றால் மங்கலாகத் தெரிவதை இனங்காண்பது. காசோலை எழுதுவதற்கும் அதுவே. அமெரிக்கப் பேச்சு வழக்கில் நெருக்கமாக முத்தமிட்டுக்கொள்வதற்கும் அதுவே. முதல் பொருளை இரண்டாம் குழுவில் வைத்துவிடலாம். மற்ற இரண்டையும் குழு பார்த்து ஊகிக்க வழியில்லை. அத்தகையவற்றை “ஐ குட் நாட் மேக் அவுட் ஹிஸ் ஹேண்ட்ரைட்டிங்” (அவர் கையெழுத்து எனக்குப் புரியவில்லை), “மேக் அவுட் தி செக் டு தி ஸ்கூல்” (காசோலையைப் பள்ளியின் பெயருக்கு எழுதுங்கள்) என்று முழு வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதி வைப்பதே பயன் தரும். வாக்கியத்தில் கையெழுத்து வருகிறதா, காசோலை வருகிறதா என்பதைக் கொண்டே எந்தப் பொருள் என்று தீர்மானிக்க முடியும்.